ஒரே மருதாணி, ஒருத்தருக்கு ஆரஞ்சு, ஒருத்தருக்கு மெரூன், ஏன்?

 

ஆடிப்பூரம் நெருங்கிக்கிட்டு இருக்கு. இந்த வருஷம் மருதாணி வைக்கிறதை ஏன் பூரத்துக்கு முதல் நாள் இல்லாம ரெண்டு நாள் முன்னாடியே வச்சிருக்கீங்கன்னு வாட்ஸ்அப்ல பல பேர் கேட்டிருந்தீங்க. ஒரு வரியில பதில் சொன்னா புரியாது. போன வருஷம் நடந்ததையும், அதுக்கப்புறம் நாங்க தொண்டர்கள் உட்கார்ந்து கண்டுபிடிச்சதையும் சேர்த்துச் சொல்றோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

போன வருஷம் பூரத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துல இருபது இருபத்திரண்டு பெண்கள் வந்தாங்க. அம்மனுக்கு வளையல் கோத்து முடிச்ச பிறகு எல்லாரும் வரிசையா உட்கார்ந்தாங்க. ஒரே பாத்திரத்துல கலக்கின மருதாணி. வச்சு விட்டதும் எங்க மூணு தொண்டர்கள்தான். மறுநாள் காலையில அர்ச்சனைக்கு வரும்போது பார்த்தா ஒருத்தர் கை மாதிரி இன்னொருத்தர் கை இல்லை. சிலருக்கு பப்பாளிப்பழ நிறம். சிலருக்கு செங்கல் நிறம். ஒரே ஒருத்தருக்கு மட்டும் நல்ல கருஞ்சிவப்பு, இப்போ எல்லாரும் மெரூன்னு சொல்ற அந்த நிறம்.

வெளிறிப் போன கைகள்ல ஒண்ணு பட்டர்வொர்த்துல இருந்து வந்த ஒரு தங்கச்சியோடது. அவளுக்கு ஆவணியில கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. பக்கத்துல இருந்த ஒரு அம்மா, "என்னம்மா, இப்படி வெளுத்துப் போயிருக்கு? மாமியார் வீட்டுல பிரியம் கம்மி போல இருக்கே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. கேலிதான், மனசுல வச்சுச் சொல்லலை. ஆனா அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் கழிச்சு பின்பக்கம் குழாயடியில நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. நாங்க பார்த்துட்டோம். வேற ஏதோ கவலை ஏற்கெனவே மனசுல இருந்திருக்கு, இந்த ஒரு வார்த்தை அதுல போய் ஒட்டிக்கிச்சு.

அந்த மெரூன் கை யாரோடதுன்னு கேட்டா, நம்ம அன்னதானத்துல பாத்திரம் கழுவுற அக்காவோடது. அவங்க கணவர் தவறி பதினோரு வருஷம் ஆச்சு. "எனக்கு எதுக்கு இதெல்லாம்"னு மறுத்தவங்களை நாங்கதான் கையைப் பிடிச்சு உட்கார வச்சோம். மறுநாள் அவங்க கையைப் பார்த்து எல்லாரும் ஆச்சரியப்பட்டப்போ, அவங்க முந்தானைக்குள்ள கையை மறைச்சுக்கிட்டாங்க. கணவர் பிரியம் வச்சாத்தான் சிவக்கும்னு எல்லாரும் சொல்ற இடத்துல, தன் கை இப்படிச் சிவந்ததை ஏதோ தப்பு மாதிரி நினைச்சு வெட்கப்பட்டாங்க.

ஒருத்தர் வெளுத்ததுக்கு அழுறாங்க, இன்னொருத்தர் சிவந்ததுக்கு மறைக்கிறாங்க. அம்மன் சன்னதியில நல்லதுக்குன்னு வைக்கிற ஒண்ணு ரெண்டு பேருக்கும் வேதனையா போச்சு. அன்னைக்கே எங்களுக்கு மனசு கேட்கலை.

எங்கள்ல சில பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள்ல வேலை செய்யறவங்க. அங்க ஒரே மாதிரி சாமான் வேற வேற மாதிரி வெளியே வந்தா, முதல்ல கேட்கிற கேள்வி, "எது மாறிச்சு?" அவ்வளவுதான். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பார்த்தா காரணம் தானே வெளியில வரும். அதே மாதிரி பார்த்துடலாம்னு முடிவு செஞ்சோம். அந்தத் தங்கச்சியையும் அக்காவையும் கூப்பிட்டு, அன்னைக்கு என்னென்ன செஞ்சாங்கன்னு முதல்ல கேட்டோம்.

தங்கச்சி சொன்னது இது. வேலை முடிஞ்சு நேரா கோயிலுக்கு வந்திருக்கா. வர்ற வழியில கையில லோஷன் போட்டிருக்கா. மண்டபத்துல ஏர்கோனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கா. பாலம் தாண்டி வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போகணும்னு ஒரு மணி நேரத்துலயே மருதாணியை எடுத்துட்டு, ஸ்டியரிங்ல பிசுபிசுக்கக் கூடாதுன்னு சோப்புப் போட்டுக் கழுவிட்டா. மறுநாள் காலையில அர்ச்சனைக்கு வரும்போது வச்சு பதிமூணு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அக்கா சொன்னது இது. கையில எதுவும் தடவலை. வீட்டுல ஏர்கோன் கிடையாது. கையில பழைய துணியைச் சுத்திக்கிட்டு அப்படியே தூங்கியிருக்காங்க. காலையில காய்ஞ்சதை சுரண்டி எடுத்துட்டு தேங்காய் எண்ணெய் தடவியிருக்காங்க. வருஷக்கணக்கா பெரிய பாத்திரம் தேய்ச்ச கை, உள்ளங்கை தோல் நல்லாத் தடிச்சுப் போயிருக்கு.

ரெண்டு பேர் சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சா பாதி பதில் அங்கேயே கிடைச்சிருச்சு. மீதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்க ஆறு பேர் எங்க சொந்தக் கையிலயே வச்சுப் பார்த்தோம்.

முதல்ல மருதாணி தோலுக்குள்ள என்ன செய்யுதுன்னு சொல்லிடறோம். இலையில லாசோன்னு ஒரு சாயச்சத்து இருக்கு. அது இலைக்குள்ள சர்க்கரையோட கட்டிப்போட்ட நிலையில இருக்கு. இலையை அரைச்சு, கொஞ்சம் புளிப்பு சேர்த்து ஊற வச்சா அந்தக் கட்டு அவிழ்ந்து சாயம் வெளியே வரும். அது நம்ம தோல்ல இருக்கிற கெராட்டின்ங்கிற சத்தோட போய் ஒட்டிக்கும். நகம், முடி, தோலோட மேல் அடுக்கு மூணுமே கெராட்டின்தான். அதனாலதான் மருதாணி மூணுலயும் பிடிக்குது. மஞ்சள் தோல் மேல சும்மா உட்கார்ந்திருக்கும், நாலு தடவை கழுவினா போயிரும். மருதாணி தோலோட ஒண்ணாக் கலந்துரும். அந்தத் தோல் உதிர்ந்தாத்தான் அதுவும் போகும்.

தோலோட மேல் அடுக்குங்கறது செத்துப்போன செல்கள் காகிதம் அடுக்கின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா இருக்கிறது. புறங்கையில அந்தக் காகிதக்கட்டு ரொம்ப மெல்லிசு. உள்ளங்கையிலயும் பாதத்துலயும் அது பல மடங்கு தடிமன். காகிதக்கட்டு மேல மை ஊத்தினா எப்படி ஊறுமோ அப்படித்தான் சாயமும் மேல இருந்து கீழே இறங்கும். அடுக்கு அதிகமா இருந்தா சாயம் தங்க இடம் அதிகம், நிறம் கருஞ்சிவப்பு. அடுக்கு கம்மின்னா எவ்வளவு நேரம் வச்சாலும் ஆரஞ்சைத் தாண்டி ரொம்பப் போகாது.

இதை எங்க கையிலயே பார்த்தோம். ஆறு பேருக்கும் உள்ளங்கையில ஒரு பொட்டு, புறங்கையில ஒரு பொட்டு, முழங்கைக்குக் கீழே உள்பக்கம் ஒரு பொட்டு. ஒரே கோன், ஒரே நேரம். ஆறு பேருக்குமே உள்ளங்கை நல்ல சிவப்பு, புறங்கை அதைவிட வெளிர், முழங்கைப் பக்கம் வெறும் ஆரஞ்சு. அப்போ எங்க கூட்டத்துல ஒரு அண்ணி கேட்டாங்க, "அப்படின்னா எங்க வீட்டுக்காரருக்கு என் உள்ளங்கை மேல மட்டும்தான் பிரியமா?" மண்டபமே சிரிச்சது. ஆனா அந்தக் கேள்வியிலயே எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒரே ஆளோட ஒரே கையில மூணு நிறம் வருதுன்னா, அது பிரியத்தைக் காட்டலை, தோலோட தடிமனைக் காட்டுது.

அடுத்தது நேரம். உள்ளங்கையில மூணு பொட்டு வச்சு, ஒண்ணை ஒரு மணி நேரத்துல எடுத்தோம், இன்னொண்ணை நாலு மணி நேரத்துல, மூணாவதை ராத்திரி முழுக்க விட்டோம். எடுத்த உடனே பார்த்தா மூணும் ஆரஞ்சுதான், வித்தியாசம் கொஞ்சம்தான் தெரிஞ்சது. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தப்போதான் உண்மை தெரிஞ்சது. ஒரு மணி நேரப் பொட்டு காவி நிறத்துல நின்னுருச்சு. நாலு மணி நேரப் பொட்டு செங்கல் நிறம். ராத்திரி முழுக்க வச்சது மெரூன்.

இங்கதான் நாம எல்லாரும் வழக்கமா தப்பு பண்றோம். மருதாணியை எடுத்த உடனே பார்த்து, "எனக்குப் பிடிக்கலை"ன்னு முடிவு கட்டிடறோம். எடுத்த உடனே எந்தக் கையும் மெரூனா இருக்காது. அது ஆரஞ்சாத்தான் தொடங்கும். வாழைமரம் வெட்டும்போது சட்டையில படற கறையை நினைச்சுப் பாருங்க. படும்போது தண்ணி மாதிரி இருக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க. காத்துப் பட்டு நேரம் ஆக ஆகத்தான் பழுப்பாகி, அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. மருதாணியும் அதே மாதிரி, தோல்ல ஒட்டின பிறகு காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டு மெதுவா கறுக்கும். முழு நிறம் வர ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். முதல் நாள் ராத்திரி வச்சு, மறுநாள் காலையில அர்ச்சனைத் தட்டு ஏந்தினா, பாதி வழியில இருக்கிற நிறத்தைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. போன வருஷம் அந்தத் தங்கச்சிக்கும் மத்தவங்களுக்கும் நாங்க பண்ணின தப்பு இதுதான். நேரத்தை வச்சது நாங்கதானே. இந்த வருஷம் ரெண்டு நாள் முன்னாடி வைக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

மூணாவது, தண்ணி. ஒரு பொட்டை சுரண்டி எடுத்து அப்படியே விட்டோம், இன்னொண்ணை உடனே சோப்புப் போட்டுக் கழுவினோம். கழுவினது கறுக்கவே சோம்பேறித்தனம் பண்ணிச்சு. சுரண்டினது நல்லா ஏறிச்சு. அதனால எடுக்கும்போது கத்தி முதுகாலயோ, பழைய பேங்க் கார்டாலயோ சுரண்டிட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்குங்க. முதல் பன்னிரண்டு மணி நேரம், முடிஞ்சா ஒரு நாள், தண்ணி படாம பார்த்துக்குங்க. குளிக்கும்போது எண்ணெய் நல்லாத் தடவிக்கிட்டா தண்ணி உள்ளே போகாது.

நாலாவது, லோஷன். லோஷன், சன்ஸ்கிரீன், எண்ணெய் எதுவா இருந்தாலும் மருதாணி வைக்கிறதுக்கு முன்னாடி தடவினா அது ஒரு திரை மாதிரி நிக்கும், சாயம் உள்ளே இறங்காது. எண்ணெய் வேணாம்னு நாங்க சொல்லலை. வைக்கிறதுக்கு முன்னாடி வேண்டாம், எடுத்த பிறகு வேணும். வைக்கிறதுக்கு முன்னாடி சாதாரண சோப்புல கையைக் கழுவி நல்லாத் துடைச்சா போதும்.

அஞ்சாவது சூடு. "சூட்டு உடம்புக்காரங்களுக்கு நல்லா சிவக்கும்"னு நம்ம பாட்டிமார் சொல்வாங்க. இதுல உண்மை இருக்கு. தோல் வெதுவெதுப்பா இருந்தா சாயம் நல்லா இறங்கும், கை சில்லுன்னு இருந்தா இறங்காது. ஏர்கோன் காத்துல உட்கார்ந்தா எந்த உடம்பும் குளிர்ந்த உடம்புதான். கிராம்பைச் சட்டியில போட்டு அந்த ஆவியில கையைக் காட்டற வழக்கமும் இதுக்குத்தான். கிராம்பைவிட அங்க வேலை செய்யறது சூடு. ஆனா புகையும் அளவுக்கு விடாதீங்க, இளஞ்சூடு போதும். இந்த வருஷம் மருதாணி வைக்கிற பக்கம் ஏர்கோனை நிறுத்திட்டு காத்தாடி மட்டும் போடுவோம். கொஞ்சம் வேர்க்கும், மன்னிச்சுக்குங்க.

இப்போ கலவையைப் பத்தி. வீட்டுல மருதாணிச் செடி இருந்தா அதைவிட நல்லது இல்லை. நம்ம மலாய்க்காரப் பக்கத்து வீட்டுக்காரங்க இனாய்ன்னு சொல்றதும் இதே செடிதான், கேட்டா அன்போட ஒடிச்சுத் தருவாங்க. முத்தின இலையைவிட இளம் இலை நல்லது. கொஞ்சம் புளியோ எலுமிச்சையோ விட்டு அம்மியில மைய அரைச்சு, அப்பவே வச்சுக்கலாம். உருண்டையா, தொப்பியா வைக்க அது சரி. கோன்ல போட்டுக் கோலம் போடணும்னா தூள்தான் வசதி.

தூள் லிட்டில் இந்தியாவுல லெபோ பசார் பக்கம் கிடைக்கும். நல்ல தூள்ல பெரும்பகுதி ராஜஸ்தான்ல பாலி மாவட்டத்துச் சோஜத் பக்கம் இருந்து வருது. வாங்கும்போது நிறத்தைப் பாருங்க. பச்சையா, புல் வாசனையா இருக்கணும். பழுப்பா மாறியிருந்தா பழசு, சாயம் செத்துப் போயிருக்கும். எந்தக் கையிலயும் அது சிவக்காது, அப்புறம் கையைத் திட்டி பிரயோஜனம் இல்லை.

நாங்க கலக்கிற கணக்கு இது. சலிச்ச தூள் 100 கிராம். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 250 மில்லி, லிமாவ் நிப்பிஸ் பன்னிரண்டு பதினஞ்சு பிழிஞ்சா வரும். சாறைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியா பிசைஞ்சுக்குங்க. சர்க்கரை ரெண்டு மேசைக்கரண்டி. சர்க்கரை நிறம் தராது, மருதாணி சீக்கிரம் காய்ஞ்சு உதிராம கையில ஒட்டி வைக்கும், ஈரம் இருக்கிற வரைக்கும்தான் சாயம் இறங்கும். அப்புறம் மினியாக் காயு பூத்தே எண்ணெய் ரெண்டு மேசைக்கரண்டி. எல்லார் வீட்டுலயும் வயித்து வலிக்கு வச்சிருக்கிற அதே எண்ணெய்தான், ஆனா பாட்டில்ல வேற எண்ணெய் எதுவும் கலக்காத சுத்தமானதா இருக்கணும். அது சாயத்தை தோலுக்குள்ள நல்லா இறக்கும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த எண்ணெய் இல்லாம தனியா கலக்குவோம்.

கலக்கின உடனே வைக்கக் கூடாது. மேல பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி, அப்படியே விடணும். நம்ம பினாங்கு வெயிலுக்கு ராத்திரி கலக்கினா காலையில தயார். தயாரான்னு எப்படித் தெரியும்? மேல் பகுதி பழுப்பாகியிருக்கும், கிளறினா உள்ளே பச்சையா இருக்கும். ஒரு துளியை உள்ளங்கையில வச்சு அஞ்சு நிமிஷத்துல துடைச்சுப் பாருங்க. பளிச்சுன்னு ஆரஞ்சு தெரிஞ்சா தயார். தெரியலைன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் விடுங்க. தயாரானதை வெளியில வச்சிருந்தா ரெண்டு நாள்ல சாயம் வீணாப் போயிரும். மீதியை உடனே ஃப்ரீசர்ல போட்டுடுங்க.

இந்தக் கடைசி வரியை மறக்காதீங்க, ஏன்னா அதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. நிஜ மருதாணிக் கலவை ஃப்ரிட்ஜ் இல்லாம தாங்காது. அப்படின்னா கடையில மாசக்கணக்கா தொங்கற கோன் எப்படிச் சிவக்குது? அதுல மருதாணியைத் தவிர வேற ஏதோ சாயம் இருக்குன்னு அர்த்தம். அஞ்சு நிமிஷத்துல சிவக்கும், பத்து நிமிஷத்துல மெரூன் ஆகும்னு போட்டிருந்தாலும் அதேதான். மருதாணிக்கு அவசரம் தெரியாது.

அதைவிட மோசம் கறுப்பு மருதாணின்னு விக்கிறது. கறுப்பா சிவக்கிற மருதாணி உலகத்துலயே கிடையாது. அதுல பிபிடின்னு ஒரு ரசாயனம் கலப்பாங்க. தலைமுடிக்குப் போடற கறுப்பு டையில இருக்கிறதுதான் அது. முடிச் சாயத்துலயே அளவு பார்த்துத்தான் போடணும், நேரா தோல் மேல வைக்கிறதுக்கு அது இல்லவே இல்லை. நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு குடும்பத்துல ஒன்பது வயசுப் பிள்ளைக்கு ஒரு பசார் மாலாம்ல இதை வச்சு விட்டிருக்காங்க. ஒரு மணி நேரத்துல கறுகறுன்னு ஆனதும் எல்லாருக்கும் சந்தோஷம். அஞ்சாம் நாள் அரிப்பு, வீக்கம், கோலம் போட்ட கோட்டோட அப்படியே கொப்புளம். கொப்புளம் ஆறிச்சு. ஆனா டாக்டர் சொன்னதுதான் அவங்க அம்மாவைக் கலங்க வச்சது. இந்த ஒவ்வாமை ஒரு தடவை வந்துட்டா உடம்பு மறக்காது, பெரியவளான பிறகும் அவ முடிக்குக் கறுப்பு டை போடவே கூடாது. சிவக்கலைன்னு கேலி பண்றாங்களேன்னு பயந்துதான் பலர் இந்தக் கறுப்பைத் தேடிப் போறாங்க. ஒரு கேலி எவ்வளவு தூரம் போகுது பாருங்க.

இன்னொரு எச்சரிக்கை, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களுக்கு. நம்ம நாட்டுல பிறக்கும்போதே ஜி6பிடி குறைபாடு இருக்கான்னு ரத்தம் பார்த்துச் சொல்லிடுவாங்க. அந்தக் குறைபாடு இருக்கிற பிள்ளைகளுக்கு சுத்தமான மருதாணியும் ஆகாது. சாயம் உள்ளே போய் ரத்த அணுக்களை உடைக்கும், மஞ்சள் காமாலை வரும், உயிருக்கே ஆபத்து ஆகலாம். அதனால கைக்குழந்தைகளுக்கு நாங்க யாருக்குமே வைக்க மாட்டோம். பெரிய பிள்ளையா இருந்தாலும் அந்தக் குறைபாடு இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பிள்ளை அழுதாலும் "ஒரே ஒரு பொட்டு வைங்க"ன்னு கேட்காதீங்க.

தங்கச்சி என்ன ஆனான்னு கேட்பீங்க. பூரம் முடிஞ்ச மறுநாள் அவளே உள்ளங்கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தா. ஆரஞ்சு போய் காவியா மாறியிருந்தது. ஒரு மணி நேரம்தான் வச்சதால அதுக்கு மேல ஏறலை. கல்யாணத்துக்கு நாங்களே போய் வச்சு விட்டோம். முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம், லோஷன் இல்லாம, ஏர்கோன் இல்லாம. ராத்திரி முழுக்கத் துணி சுத்தித் தூங்கச் சொன்னோம். தாலி ஏறும்போது உள்ளங்கை நல்ல மெரூன். புறங்கை மட்டும் செங்கல் நிறத்துல நின்னுச்சு. அவளுக்கு மெல்லிசுத் தோல், அதுக்கு மேல போகாதுன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தோம். அவளே வந்தவங்ககிட்ட எல்லாம், "உள்ளங்கையில தோல் தடிமன், அதான்"னு பாடம் எடுத்துக்கிட்டு இருந்தா. போன வருஷம் கேலி பண்ணின அம்மாவும் அங்க இருந்தாங்க. பந்தியில அவளுக்கு அவங்கதான் பாயசம் ஊத்தினாங்க.

அக்காகிட்டயும் இதையெல்லாம் சொன்னோம். நிறத்துக்கும் கணவருக்கும் சம்பந்தம் இல்லை, நீங்க பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சுத் தடிச்ச தோல்தான் காரணம்னு சொன்னோம். கொஞ்ச நேரம் உள்ளங்கையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், "அப்போ அன்னதானம் சிவக்க வச்சதா?"ன்னு கேட்டாங்க. நாங்க ஆமான்னு சொன்னோம். இந்த வருஷம் முதல் ஆளா அவங்க பேரைத்தான் எழுதியிருக்கோம்.

வர்றவங்க கவனிக்க வேண்டியது: பூரத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வாங்க. கையில எதுவும் தடவாம வாங்க. பழைய துணி ஒண்ணு கொண்டு வாங்க. காலையில சுரண்டி எடுங்க, கழுவாதீங்க. எடுத்த உடனே படம் எடுத்து அனுப்பாதீங்க, பூரத்தன்னைக்குக் காலையில எடுங்க. யார் கையாவது ஆரஞ்சா இருந்தா, எத்தனை மணி நேரம் வச்சீங்கன்னு கேளுங்க. வேற எதுவும் கேட்காதீங்க.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும். தேவைப்படறவங்களுக்கு இதைப் பகிருங்க.

— கோயில் தொண்டர்கள், ஜார்ஜ் டவுன், பினாங்கு